கட் மாறினால் டம்ளரும் இடம் மாறுகிறதா?

கையில் போன் இருந்தாலே குறும்படம் எடுத்துவிடலாம் என்ற காலம் இது. எடுத்த காட்சிகளைக் கம்ப்யூட்டரில் போட்டு, வெட்டி ஒட்டிப் பார்க்கும்போதுதான் சிக்கல்கள் ஒவ்வொன்றாகக் கண்ணில் படும். அவற்றில் அடிக்கடி வருவது, ஒரே காட்சியில் இரண்டு ஷாட்டுகளுக்கு நடுவே ஒரு பொருள் இடம் மாறிவிடுவது. முதல் ஷாட்டில் மேஜையின் இடது பக்கம் இருந்த டீ டம்ளர் அடுத்த ஷாட்டில் வலது பக்கம் இருக்கும். மறுபடி முதல் கோணத்துக்கு வந்தால் டம்ளரும் பழைய இடத்துக்கு வந்திருக்கும். சினிமாக்காரர்கள் இதைக் கன்டினியூட்டி தவறு என்பார்கள்.

பெரிய தயாரிப்புகளிலும் இது நடக்கும். 1990இல் வந்த 'ப்ரெட்டி வுமன்' படத்தில் கதாநாயகி காலை உணவு சாப்பிடும் காட்சியில், கையில் இருந்த க்ரோய்ஸான் ரொட்டி அடுத்த கட்டில் பான்கேக்காக மாறியிருக்கும். 2019 மே 5ஆம் தேதி ஒளிபரப்பான 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' எட்டாவது சீசன் நான்காவது பகுதியில், பழங்கால விருந்து மேஜையில் இன்றைய காகிதக் காபிக் கப் ஒன்று நின்றுகொண்டிருந்தது. உலகமே அதைப் பார்த்துச் சிரித்தது. இரண்டு நாட்களுக்குள் எச்.பி.ஓ. நிறுவனம் தன் இணைய ஒளிபரப்பில் இருந்த பிரதியில் கப்பைக் கம்ப்யூட்டர் மூலம் அழித்துவிட்டது. அதே வகை வேலையை வீட்டுக் கம்ப்யூட்டரில், இலவச சாப்ட்வேர் கொண்டு செய்ய முடியுமா? முடியும். எப்போது முடியும், எப்போது முடியாது என்பதையும் சேர்த்தே பார்ப்போம்.

என் அக்கா மகன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். கல்லூரிப் போட்டிக்காக எட்டு நிமிடக் குறும்படம் எடுத்திருந்தான். அவனுடைய அப்பா வழித் தாத்தாதான் அதில் முக்கிய நடிகர். அவர் பேரனிடம் பழைய கதை ஒன்றைச் சொல்லும் காட்சி நடுவில் வருகிறது. பெரியவருக்கு நடிப்பு புதிது. மூன்றாவது டேக்கில்தான் குரல் தழுதழுக்க, அற்புதமாகப் பேசியிருக்கிறார். அந்த டேக்கில்தான் டம்ளர் தவறான இடத்தில் இருக்கிறது. "மாமா, டம்ளர் குதிக்குது, பாருங்க" என்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான். திரும்ப எடுக்கலாமே என்றேன். அந்த வாடகை வீட்டைக் காலி செய்தாகிவிட்டது, தாத்தாவும் பெரிய மகனுடன் வெளியூர் போய்விட்டார், போட்டிக்கு ஆறு நாள்தான் இருக்கிறது என்றான். ஆகவே இருப்பதை வைத்துத்தான் சரி செய்ய வேண்டியிருந்தது.

காட்சியின் அமைப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். முதல் ஷாட்டில் தாத்தா, பேரன், நடுவே மேஜை என மூன்றும் தெரியும். எவர்சில்வர் டம்ளர் திரையின் இடது பக்கம், கண்ணாடிக் கூட்டுக்கு அருகில் இருக்கிறது. இரண்டாவது ஷாட், தாத்தாவை மட்டும் மார்பு வரை காட்டும் 14 விநாடி ஷாட். இதில் டம்ளர் திரையின் வலது கீழ் மூலையில் நிற்கிறது. மூன்றாவது ஷாட் மீண்டும் முதல் கோணம். டம்ளர் இடது பக்கம். எல்லாமே ட்ரைபாட் ஸ்டாண்டில் போனை நிறுத்தி எடுத்தவை. கேமரா அசையவில்லை என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இனிச் சொல்லப்போவது எல்லாம் இந்த ஒரு விஷயத்தின் மேல்தான் நிற்கிறது.

தொட வேண்டுமா, விட்டுவிடலாமா?

டம்ளர் மாறியது எடுத்தவனுக்குத் தெரியும். பார்ப்பவருக்குத் தெரியுமா என்பதுதான் முதல் கேள்வி. 1997இல் டேனியல் லெவின், டேனியல் சைமன்ஸ் என்ற இரண்டு மனவியல் ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். இரண்டு பெண்கள் மேஜையில் பேசிக்கொண்டிருக்கும் சிறு படம் ஒன்றை எடுத்து, அதில் வேண்டுமென்றே ஒன்பது மாற்றங்களைப் புகுத்தினார்கள். ஒரு கட்டில் தட்டுகள் சிவப்பிலிருந்து வெள்ளையாகும். இன்னொன்றில் கழுத்துத் துணி காணாமல் போகும். படத்தைப் பார்த்த பத்துப் பேரில் ஒருவர்தான் ஏதோ மாறியதாகச் சொன்னார். பேசுபவரின் முகத்தைத்தான் நம் கண் பார்க்கிறது, மேஜையை அல்ல.

'தி இங்கிலிஷ் பேஷண்ட்' படத்துக்காக ஆஸ்கார் வாங்கிய எடிட்டர் வால்டர் மர்ச், ஒரு கட் நல்ல கட்டா என்று முடிவு செய்ய ஆறு அளவுகோல்களைச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் ஒரு சதவீதம் கொடுத்திருக்கிறார். உணர்ச்சிக்கு 51. ஆட்களும் பொருட்களும் இடம் மாறாமல் இருப்பதற்குக் கடைசி இடம், வெறும் 4. அதனால்தான் தாத்தாவின் மூன்றாவது டேக்கை விட்டுவிட்டு, டம்ளர் சரியாக இருந்த ஆனால் பேச்சு சப்பென்று இருந்த முதல் டேக்கைப் போடலாம் என்று பையன் சொன்னபோது நான் ஒப்புக்கொள்ளவில்லை.

அப்படியானால் தவறை அப்படியே விட்டுவிடலாம் அல்லவா? இந்தக் காட்சியில் முடியாது. தாத்தா கதையின் நடுவே அந்த டம்ளரைப் பற்றியே பேசுகிறார். பேரனின் பார்வையும் அதன் பக்கம் போகிறது. பார்ப்பவரின் கண்ணை நாமே டம்ளருக்கு அழைத்துப் போகிறோம். அப்புறம் அது குதித்தால் தெரியாமல் இருக்குமா?

நீங்கள் சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. படம் பற்றி எதுவும் தெரியாத ஒருவரை உட்கார வைத்து, அந்தக் காட்சியை ஒருமுறை மட்டும் போட்டுக் காட்டுங்கள். எதையும் முன்னால் சொல்லிவிடாதீர்கள். அவர் முகம் சுளிக்காமல் பார்த்தால் விட்டுவிடலாம். என் மனைவியிடம் காட்டியபோது இரண்டாவது கட்டிலேயே "டம்ளர் எங்கே போச்சு?" என்றாள்.

வெட்டியே சரி செய்ய முடியுமா?

படத்தின் மேல் ஒட்டுப் போடுவது கடைசி வழி. அதற்கு முன் வெட்டும் இடத்தை மாற்றிப் பாருங்கள். டம்ளரைக் கையில் எடுக்கும் அசைவின் நடுவில் ஒரு ஷாட்டை முடித்து, அசைவின் மீதியை அடுத்த ஷாட்டில் தொடர்ந்தால், டம்ளர் முதலில் எங்கே இருந்தது என்ற கேள்வியே எழாது. ஆனால் நம் தாத்தா இந்த 14 விநாடியில் டம்ளரைத் தொடவே இல்லை.

அடுத்தது, படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி டம்ளரைத் திரைக்கு வெளியே தள்ளிவிடுவது. நீங்கள் 4கே அளவில், அதாவது 3840க்கு 2160 புள்ளிகளில் எடுத்து, 1920க்கு 1080 அளவில் படத்தை முடிப்பதாக இருந்தால் இரண்டு மடங்கு வரை பெரிதாக்கினாலும் தெளிவு குறையாது. இந்தப் பையன் எடுத்ததே 1920க்கு 1080தான். டம்ளரின் இடது விளிம்பு 1560ஆவது புள்ளியில் தொடங்குகிறது. எனவே 1550 வரை மட்டும் தெரியும்படி வைத்தால், 1920ஐ 1550ஆல் வகுக்க, ஏறக்குறைய 124 சதவீதம் பெரிதாக்க வேண்டும். படம் லேசாக மங்கும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் நடுவில் இருந்த தாத்தா வலது ஓரத்துக்குப் போய்விடுகிறார். தவிர, முந்தைய ஷாட்டில் டம்ளர் இருந்த இடது பக்க மேஜை இந்த ஷாட்டிலும் தெரிகிறது. அங்கே டம்ளர் இல்லாமல் வெறுமையாக இருந்தால் அதுவும் தவறுதான். அதனால் இந்த வழியும் சரிப்படவில்லை.

உங்கள் காட்சியில் சரியான இடம் திரைக்கு வெளியே இருந்தால், தவறான இடத்தில் உள்ள பொருளை மறைத்தாலே போதும். பாதி வேலை மிச்சம். இதை முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

வேண்டாத டேக்கில் இருக்கும் புதையல்

ஒட்டுப் போடுவதற்குத் துணி வேண்டுமே? வலது மூலையை மறைக்க வெறும் மேஜை வேண்டும். இடது பக்கம் வைக்க டம்ளர் வேண்டும். இரண்டும் அதே கோணத்தில், அதே வெளிச்சத்தில் இருக்க வேண்டும். பலர் உடனே ஒரு படத்தை எடுத்துப் பெயின்ட் செய்யக் கிளம்புவார்கள். அவசரப்படாதீர்கள். அந்தக் கோணத்தில் எடுத்த எல்லா டேக்குகளையும் முதல் விநாடியிலிருந்து கடைசி விநாடி வரை போட்டுப் பாருங்கள். முக்கியமாக, "ஆக்‌ஷன்" சொல்வதற்கு முன்னும் "கட்" சொன்ன பின்னும் கேமரா ஓடிக்கொண்டிருந்த பகுதிகளைப் பாருங்கள். பொருளை இன்னும் வைக்காத மேஜை அங்கேதான் அகப்படும்.

நாங்கள் பார்த்தபோது முதல் டேக்கிலேயே எல்லாம் இருந்தது. அதில் டம்ளர் இடது பக்கம், சரியான இடத்தில். வலது மூலை வெறும் மேஜை. டேக் முடிந்ததும் பெரியவர் டீயை ஒரு வாய் குடித்துவிட்டு வலது பக்கம் வைத்துவிட்டார். அப்படித்தான் தவறு நேர்ந்திருக்கிறது. முதல் டேக்கின் தொடக்கத்தில் ஆறு விநாடிகள் அவர் கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறார். அந்த ஆறு விநாடிதான் நம் துணி.

எவர்சில்வர் டம்ளராக இருந்ததும் நம் நல்ல காலம். கண்ணாடி டம்ளராக இருந்தால் டீ எவ்வளவு குறைந்திருக்கிறது என்பது வேறு தெரியும்; அதுவும் கட்டுக்குக் கட்டு ஒத்துப்போக வேண்டும்.

ஒட்டும் முறை

இதற்கு நான் பயன்படுத்தியது ஷாட்கட் என்ற இலவச எடிட்டர். shotcut.org தளத்திலிருந்து டவுன்லோட் செய்து இன்ஸ்டால் செய்துகொள்ளுங்கள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். வேலையைத் தொடங்கும் முன் File மெனுவில் Save As கொடுத்து, உங்கள் புராஜெக்டுக்கு வேறு பெயரில் ஒரு பிரதி எடுத்துவிடுங்கள். எங்கேயாவது சிக்கிக்கொண்டால் பழையது பத்திரமாக இருக்கும்.

டைம்லைனில் V1 என்ற வரிசையில் நம் மூன்றாவது டேக், அதாவது நல்ல நடிப்பு உள்ள ஷாட், ஏற்கனவே இருக்கிறது. அதை ஒன்றும் செய்ய வேண்டாம். அதற்கு மேல் இரண்டு வரிசைகள் வேண்டும். டைம்லைனின் மெனுவைத் திறந்து Track Operations என்பதில் Add Video Track என்பதை இரண்டு முறை தேர்ந்தெடுங்கள். V2, V3 வந்துவிடும். மேல் வரிசையில் இருப்பது கீழே இருப்பதை மறைக்கும் என்பதுதான் இதன் அடிப்படை. மேஜை விரிப்பின் மேல் இன்னொரு துணியைப் போடுவது போலத்தான்.

இப்போது முதல் டேக்கின் பைலைத் திறங்கள். கை எதுவும் குறுக்கே வராத ஆறு விநாடியின் தொடக்கத்தில் I கீயையும் முடிவில் O கீயையும் அழுத்துங்கள். அந்தத் துண்டை மௌஸால் இழுத்து V2 வரிசையில், 14 விநாடி ஷாட் தொடங்கும் இடத்துக்கு நேராக வையுங்கள். உடனே மூன்றாவது டேக் முழுவதும் மறைந்து முதல் டேக் மட்டும் தெரியும். பயப்படாதீர்கள்.

அடுத்து இரண்டு டேக்குகளும் ஒன்றின் மேல் ஒன்று சரியாகப் பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும். V2 துண்டைக் கிளிக் செய்து, Filters பட்டனை அழுத்தி, பிளஸ் குறியை அழுத்தி Opacity என்ற பில்டரைச் சேருங்கள். அளவை 50 சதவீதமாக்கினால் இரண்டு டேக்குகளும் ஒன்றாகக் கலந்து தெரியும். தாத்தா இரண்டாகத் தெரிவார், அது இருக்கட்டும். மேஜை விளிம்பையும் சுவர்க் காலண்டரையும் பாருங்கள். ஒற்றைக் கோடாக இருந்தால் கேமரா அசையவில்லை. எங்களுக்கு இரட்டைக் கோடாகத் தெரிந்தது. டேக்குகளுக்கு நடுவே போனின் பட்டனை அழுத்தியபோது ஸ்டாண்ட் ஒரு மயிரிழை நகர்ந்திருக்கிறது. Size, Position & Rotate என்ற பில்டரைச் சேர்த்து, Position எண்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தோம். இரண்டு புள்ளி வலது, ஒரு புள்ளி கீழே என்று நகர்த்தியதும் கோடுகள் ஒன்றாகிவிட்டன. வேலை முடிந்ததும் Opacity பில்டரை நீக்கிவிடுங்கள். இரண்டு மூன்று புள்ளி வித்தியாசம் என்றால் இப்படிச் சரி செய்யலாம். ஸ்டாண்டையே வேறு இடத்துக்கு நகர்த்தி எடுத்திருந்தால் கோணம் மாறியிருக்கும். எவ்வளவு நகர்த்தினாலும் ஒட்டாது.

இனி ஒட்டைச் சிறிதாக்க வேண்டும். அதே துண்டுக்கு Mask: Simple Shape என்ற பில்டரைச் சேருங்கள். ஒரு சிறு கட்டத்துக்குள் மட்டும் முதல் டேக் தெரியும். மற்ற இடமெல்லாம் கீழே உள்ள மூன்றாவது டேக் மீண்டும் வந்துவிடும். Horizontal, Vertical ஸ்லைடர்களை நகர்த்திக் கட்டத்தை வலது மூலை டம்ளரின் மேல் கொண்டுபோங்கள். Width, Height ஸ்லைடர்களால் அளவைச் சரி செய்யுங்கள். டம்ளர் மாயமாக மறைந்து வெறும் மேஜை தெரியும். முதல் முறை பார்க்கும்போது கொஞ்சம் பிரமிப்பாகத்தான் இருக்கும்.

இங்கே பலர் கோட்டை விடுவது நிழலில். டம்ளர் போய்விடும், அதன் நிழல் மட்டும் மேஜையில் அநாதையாகக் கிடக்கும். பாலிஷ் போட்ட மேஜை என்றால் டம்ளரின் பிம்பமும் கீழே தெரியும். கட்டம் இவை இரண்டையும் சேர்த்து மூட வேண்டும். ஆனால் தேவைக்கு மேல் பெரிதாக்கவும் கூடாது. பெரிதாக்கினால் தாத்தாவின் கை எட்டும் இடம் வரை போய்விடும். கட்டத்தின் ஓரம் கத்தியால் வெட்டியது போல் இருந்தால் Softness ஸ்லைடரைக் கொஞ்சம் கூட்டுங்கள். ஓரம் கரைந்து கலந்துவிடும்.

ஆறு விநாடித் துண்டு 14 விநாடிக்குப் போதாது. அதைக் காப்பி செய்து அடுத்தடுத்து மூன்று முறை வைத்தால் 18 விநாடி ஆகும். மிச்சத்தை வெட்டிவிடுங்கள். பில்டர்களும் சேர்ந்தே காப்பி ஆகிவிடுவதால், எல்லாவற்றையும் சரி செய்த பின்புதான் காப்பி செய்ய வேண்டும். மேஜை அசைவதில்லை என்பதால் இணைப்பு இருக்கும் இடம் கண்ணுக்குத் தெரியாது. V3 வரிசையிலும் இதே துண்டுகளை வைத்து, மாஸ்க்கை மட்டும் இடது பக்கம் நகர்த்தி, அங்கே இருக்கும் டம்ளர் தெரியும்படி செய்யுங்கள். அங்கும் நிழலைச் சேர்த்துத்தான். இப்போது டம்ளர் வலது பக்கத்திலிருந்து இடது பக்கத்துக்கு வந்துவிட்டது.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். V2, V3 வரிசைகளின் தலைப்பில் உள்ள ஒலிபெருக்கிப் படத்தைக் கிளிக் செய்து ஒலியை நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் முதல் டேக்கில் அறையில் இருந்த மின்விசிறிச் சத்தமும், கேமராவுக்குப் பின்னால் நின்றவர்களின் பேச்சும் தாத்தாவின் குரலுக்கு அடியில் ஓடிக்கொண்டிருக்கும்.

வெளிச்சம் காட்டிக்கொடுக்கும்

முதல் டேக்குக்கும் மூன்றாவது டேக்குக்கும் நடுவே இருபது நிமிடம் போயிருந்தது. ஜன்னல் வெளிச்சம் சற்றுக் குறைந்திருக்கிறது. அதனால் வலது மூலையில் மேஜையின் நிறம் ஒரு மெல்லிய சதுரமாக வெளுத்துத் தெரிந்தது. Brightness பில்டரைச் சேர்த்து 96 சதவீதத்துக்குக் குறைத்ததும் சதுரம் மறைந்தது. உங்களுக்கு வேறு எண் வரலாம். கண்ணால் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஒட்டு மஞ்சளாகவோ நீலமாகவோ தெரிந்தால் வெளிச்சத்தைக் குறைத்துப் பயனில்லை. Color Grading பில்டரில் நிறத்தையும் கொஞ்சம் மாற்ற வேண்டும்.

சதுரம் உண்மையில் போய்விட்டதா என்று தெரிந்துகொள்ள, அந்த வரிசையின் கண் படத்தைக் கிளிக் செய்து ஒட்டை மறைத்தும் காட்டியும் பாருங்கள். டம்ளர் மட்டும் வந்து போக வேண்டும். அதைச் சுற்றி மேஜை மின்னினால் இன்னும் வேலை இருக்கிறது என்று அர்த்தம்.

போன் கேமரா தானாக வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் பழக்கம் உள்ளது. ஒரே டேக்கின் நடுவிலேயே வெளிச்சம் மாறிக்கொண்டிருந்தால், தொடக்கத்தில் ஒத்துப்போன ஒட்டு பத்தாவது விநாடியில் தனியாகத் தெரியும். அப்போது 14 விநாடியையும் ஓட்டிப் பார்த்து, மாறும் இடத்தில் ஒட்டைத் துண்டாக்கி (S கீ), ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியாக Brightness கொடுக்க வேண்டியிருக்கும்.

கை குறுக்கே வந்தால்?

ஒன்பதாவது விநாடியில் தாத்தா பேப்பரை மடிக்கக் கையை நீட்டுகிறார். அவர் சட்டைக் கை வலது மூலை ஒட்டுக்குள் நுழைகிறது. நுழைந்த பகுதி காணாமல் போய்விடுகிறது! ஒட்டு மேலே இருப்பதால் கை அதற்கு அடியில் போகிறது. பார்ப்பதற்குக் கை மேஜைக்குள் புதைவது போல் இருந்தது. பையன் விழுந்து விழுந்து சிரித்தான்.

பெரிய ஸ்டூடியோக்களில் இந்த இடத்தில் ஒருவர் உட்கார்ந்து, விநாடிக்கு 24 படங்கள் வீதம் கையின் ஓரத்தைப் படம் படமாக வரைந்து வெட்டுவார். வீட்டில் இரண்டு விநாடிக்கு அதைச் செய்வது பெரும் பாடு. சட்டையின் மடிப்பு ஓரம் துடித்துக்கொண்டே இருக்கும்.

அதைவிட எளிய வழி நம் கையிலேயே இருந்தது. பேரன் கதை கேட்டுக்கொண்டிருக்கும் முகத்தைத் தனியாக எடுத்து வைத்திருந்தான். அதில் மேஜை தெரியாது. V4 என்று இன்னொரு வரிசையைச் சேர்த்து, தாத்தாவின் கை ஒட்டுக்குள் நுழைவதற்குச் சற்று முன்பு தொடங்கி, கை வெளியே வந்த பின் முடியும்படி இரண்டரை விநாடிக்கு அந்த முகத்தை வைத்தோம். V4இன் ஒலியையும் நிறுத்தினோம். கீழே V1இல் தாத்தாவின் குரல் தடையில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. பேரன் உதடு அசைக்காமல் கேட்கும் பகுதியாகத் தேர்ந்தெடுப்பது முக்கியம். தாத்தாவின் குரல் உடையும் சொல் பன்னிரண்டாவது விநாடியில் வருகிறது. அதற்குள் திரை மறுபடி அவர் முகத்துக்கு வந்துவிடும்படி பார்த்துக்கொண்டோம். அந்த முகத்தைக் காட்டத்தானே இவ்வளவு பாடும்!

வேறு டேக்கே இல்லை என்றால்

எல்லாருக்கும் இப்படி ஆறு விநாடி அகப்படாது. அப்போது படமாக எடுத்துத் திருத்த வேண்டியதுதான். ஷாட்கட்டில் ஓர் இடத்தில் நிறுத்தி Export Frame கட்டளையைக் கொடுத்தால் அந்த ஒரு படம் தனி பைலாகக் கிடைக்கும். அதை ஜிம்ப் என்ற இலவச சாப்ட்வேரில் திறந்து, Clone கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். Ctrl கீயை அழுத்தியபடி பக்கத்தில் உள்ள வெறும் மேஜையில் ஒரு கிளிக், பிறகு டம்ளரின் மேல் தேய்த்தால் மேஜையின் நிறமும் ரேகையும் அதன் மேல் படியும். மர ரேகை உள்ள மேஜை என்றால் ரேகை ஓடும் திசையிலேயே மூலத்தை எடுங்கள். டம்ளரைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோக, திருத்தாத படத்தில் Free Select கருவியால் டம்ளரை நிழலோடு சுற்றி வளைத்து, காப்பி செய்து, புதிய இடத்தில் ஒட்டலாம். முடித்த பின் File மெனுவில் Export As கொடுத்து PNG பைலாகச் சேமித்து, ஷாட்கட்டில் V2இல் வைத்து, முன்பு சொன்னபடி மாஸ்க் போடுங்கள்.

இதில் ஒரு குறை உண்டு. வீடியோவில் வெளிச்சம் குறைந்த இடங்களில் புள்ளிகள் சலசலவென்று அசைந்துகொண்டே இருக்கும். நாம் ஒட்டிய படமோ அசையாது. பகல் வெளிச்சத்தில் எடுத்தது என்றால் தெரியாது. இரவு விளக்கில் எடுத்த காட்சி என்றால் ஒட்டிய இடம் மட்டும் செத்துப்போனது போல் இருக்கும். அதனால்தான் வேறு டேக்கைத் தேடும்படி அவ்வளவு வற்புறுத்தினேன்.

கையில் போனைப் பிடித்துக்கொண்டு எடுத்த காட்சிக்கு மேலே சொன்ன எதுவும் உதவாது. படம் ஆடும், ஒட்டு ஆடாது. ஒட்டையும் கூடவே ஆட வைக்கும் சாப்ட்வேர்கள் இருக்கின்றன. ஆனால் புதிதாகக் கற்பவர் அவற்றோடு ஒரு வாரம் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். அங்கே கேட்பவரின் முகத்தை நடுவில் வைப்பதுதான் நடைமுறைக்கு ஏற்றது.

முடித்ததும் Export கொடுத்துப் படத்தைத் தனி பைலாக்கி, லேப்டாப் திரையில் மட்டும் பார்க்காமல் டிவியிலும் போட்டுப் பாருங்கள். மங்கிய லேப்டாப் திரையில் தெரியாத சதுரம் பிரகாசமான டிவியில் தெரியும். எங்களுக்கு இடது பக்கத்து ஒட்டில் அப்படி ஓர் ஓரம் தெரிந்தது. Softness அளவை இன்னும் சற்றுக் கூட்டி மறுபடி எக்ஸ்போர்ட் செய்தோம். என் மனைவியிடம் முன்பே காட்டிவிட்டதால் அவளிடம் திரும்பக் கேட்டுப் பயனில்லை. பக்கத்து வீட்டு அம்மாவை அழைத்து உட்கார வைத்தோம். படம் முடிந்ததும், தாத்தா இப்போது எந்த ஊரில் இருக்கிறார் என்றுதான் கேட்டார்.